எந்தத் தகட்டில் இறுக்கம்?

டிரில்லிங் ஜிக்கின் மேல் தகட்டை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் அது அதே இடத்தில் உட்கார வேண்டும். அதை போல்ட்டை நம்பி விட முடியாது. போல்ட் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான்; அதன் ஓட்டையில் தாராளமாக ஆட்டம் உண்டு. இடத்தைக் காப்பவை இரண்டு டவல் பின்கள். அவை கீழ்த் தகட்டில் இறுகி நிற்க, மேல் தகடு அவற்றின் மீது வழுக்கி இறங்க வேண்டும்.

8 மி.மீ. பின்னையே எடுத்துக்கொள்வோம். கடையில் கிடைக்கும் கடினப்படுத்திய பின் பெரும்பாலும் m6 அளவில் வரும். அதாவது 8.006 முதல் 8.015 மி.மீ. வரை, சரியாக 8 இருக்காது, சற்றுத் தடிப்பாகவே இருக்கும். பட்டறைகளில் வழக்கமாகச் செய்வது, இரண்டு தகட்டிலும் 8 H7 ரீமரை ஓட்டிவிடுவது. H7 ஓட்டை 8.000 முதல் 8.015 வரை இருக்கலாம். எனவே ஒரு பின் 15 மைக்ரான் இறுக்கமாகப் போகும், இன்னொன்று 9 மைக்ரான் தொளதொளக்கும். ஒரு ஜிக்கில் பின் கீழே உதிரும், அடுத்ததில் மேல் தகடு பிடித்துக்கொண்டு எழும்பாது. ரீமர் மீது பழி போடுவார்கள். அளவைத் தேர்ந்ததில்தான் தவறு.

முதலில் பின்னை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். ஒரே பாக்கெட்டில் வருபவை பொதுவாக ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். 8.010 என்று வந்தால், கீழ்த் தகட்டு ஓட்டை 7.995 முதல் 8.002 வரை இருக்கட்டும். 8 முதல் 15 மைக்ரான் இறுக்கம் கிடைக்கும். பித்தளைச் சுத்தியலால் தட்டினாலே இறங்கிவிடும். மேல் தகட்டுக்கு 8.018 முதல் 8.025 வரை. ரீமர்கள் 0.01 மி.மீ. படிகளில் கிடைப்பதால் 7.99, 8.02 இரண்டையும் வாங்கி வைப்பது நல்லது. ரீமர் தன் அளவைவிடச் சில மைக்ரான் பெரிதாகவே வெட்டும். எவ்வளவு என்பதை அதே உலோகத்தின் கழிவுத் துண்டில் வெட்டி, அளந்து அறிய வேண்டும்.

மேல் தகட்டில் ஆட்டம் பத்து மைக்ரான் அளவே என்பதால், இரண்டு பின்களின் இடைவெளி இரு தகட்டிலும் ஏறத்தாழ பத்து மைக்ரானுக்குள் ஒத்துப்போக வேண்டும். தனித்தனியாகத் துளைத்தால் சாதாரண இயந்திரத்தில் இது வராது. இரண்டையும் ஒன்றாக இறுக்கி 7.8 டிரில்லால் துளைத்து, 7.99 ரீமரை இரண்டின் வழியாகவும் ஓட்டி, பிறகு மேல் தகட்டை மட்டும் 8.02 ரீமரால் கையால் சுழற்றிப் பெரிதாக்கலாம். டிரில் விடும் 0.2 மி.மீ. உலோகம் ரீமருக்குத் தேவை. குறைந்தால் அது வெட்டாமல் தேய்க்கும். டிரில் வேகத்தில் பாதிக்கும் கீழே, எண்ணெயோடு ஓட்ட வேண்டும். எக்காரணம் கொண்டும் பின்னோக்கிச் சுழற்றக் கூடாது. சுழற்றினால் வெட்டும் விளிம்பு மழுங்கும், ஓட்டையில் கீறல் விழும்.

பின்களை எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி, மூலைக்கு மூலை வையுங்கள். அதே பத்து மைக்ரான் ஆட்டம் இருந்தாலும் தகடு திரும்பும் கோணம் அப்போது குறையும். கீழ்த் தகட்டு ஓட்டை மறுபக்கம் வரை போகட்டும். அடைபட்டிருந்தால் உள்ளே சிக்கிய காற்று பின்னை இறங்கவிடாது. பிறகு கழற்ற நினைத்தாலும் அடியிலிருந்து தட்ட வழி இருக்காது.