வலியைத் தணிக்கும் மார்ஃபின் மூச்சையும் ஏன் மெதுவாக்குகிறது?

1970களின் முற்பகுதி. ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ் என்ற இளம் விஞ்ஞானி காலையிலேயே கசாப்புக் கூடத்துக்குப் போய்விடுவார். அங்கே வாங்கிய பன்றி மூளைகளை உறையவைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, அரைத்து, சாற்றைப் பிரித்தெடுப்பார். அவரும், எழுபது வயதை எட்டியிருந்த அவருடைய ஆசான் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் அந்தச் சாற்றுக்குள் ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அதன் பெயரோ வடிவமோ அப்போது யாருக்கும் தெரியாது. அப்படி ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்பது மட்டும்தான் அவர்களுடைய நம்பிக்கை.

அதற்குக் காரணம் இருந்தது. 1973இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும், மூளைச் செல்களின் மேற்பரப்பில் மார்ஃபின் போய் ஒட்டிக்கொள்வதற்கென்றே தனி இடங்கள் இருப்பதைக் காட்டினார்கள். அதே ஆண்டு நியூயார்க்கிலும் ஸ்வீடனின் உப்சாலாவிலும் வேறு குழுக்கள் இதையே கண்டறிந்தன. இந்த இடங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். மார்ஃபின் அபினிச் செடியின் காயில் ஊறும் பாலிலிருந்து வருவது. எங்கோ வயலில் விளையும் ஒரு செடியின் பாலுக்காக மனித மூளை இடம் ஒதுக்கி வைத்திருக்க வாய்ப்பில்லை. உடலே சுரக்கும் ஏதோ ஒன்றுக்காகத்தான் அந்த ஏற்பிகள் இருக்கவேண்டும்.

தேடிய முறை மிக எளிமையானது. எலியின் விந்து நாளத்திலோ கினிப் பன்றியின் சிறுகுடலிலோ ஒரு துண்டை வெட்டி, உப்பு நீர்க் குடுவைக்குள் தொங்கவிட்டு, விட்டுவிட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் அந்தத் தசை வெடுக்கென்று சுருங்கும். ஒரு துளி மார்ஃபின் விட்டால் சுருக்கம் சிறுத்துப்போகும். பன்றி மூளைச் சாற்றை விட்டபோதும் அப்படியே சிறுத்தது. பிறகு நலாக்சோன் என்ற மருந்தைச் சேர்த்தார்கள். ஏற்பியில் மார்ஃபின் உட்காரும் இடத்தை நலாக்சோன் பிடித்துக்கொள்ளும். ஆனால் தான் எந்த வேலையும் செய்யாது. அதைச் சேர்த்ததும் தசை பழையபடி துடித்தது. அந்தச் சாறு மார்ஃபினின் ஏற்பி வழியாகத்தான் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. 1975 டிசம்பரில் அந்தப் பொருளின் அமைப்பு வெளியானது: ஐந்தே அமினோ அமிலங்கள் கோத்த இரண்டு சிறு சங்கிலிகள். அவற்றுக்கு என்கெஃபலின்கள் என்று பெயரிட்டார்கள். பின்னர் எண்டார்ஃபின், டைனார்ஃபின் என்று இந்தக் குடும்பம் பெருகியது.

உடலுக்குள் இவை சும்மா இருப்பதில்லை. 1978இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. மருந்தே இல்லாத ஊசியைப் போட்டபோதும், வலி குறையும் என்ற எதிர்பார்ப்பில் சிலருக்கு உண்மையாகவே வலி குறைந்தது. அவர்களுக்கு நலாக்சோன் கொடுத்ததும் வலி திரும்பிவிட்டது. நம்பிக்கை தந்த நிவாரணத்துக்குப் பின்னாலும் உடலின் சொந்த ஓபியாய்டுகள் இருந்தன என்பதை அது காட்டியது.

இந்த ஏற்பிகளில் மியூ, டெல்டா, கப்பா என்று மூன்று முக்கிய வகைகள் உண்டு. மார்ஃபினின் கதை பெரும்பாலும் மியூ ஏற்பியின் கதைதான்.

கால் விரலைக் கல்லில் இடித்துக்கொண்டால் அந்தச் செய்தி நரம்பு வழியாகத் தண்டுவடத்தின் பின்பகுதிக்கு வருகிறது. அங்கே முதல் நரம்பு முடிந்து அடுத்த நரம்பு தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே நூலிழையிலும் மெல்லிய இடைவெளி. முதல் நரம்பின் நுனிக்குள் கால்சியம் நுழைந்தால்தான் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருள்கள் அந்த இடைவெளிக்குள் கொட்டும். மார்ஃபின் மியூ ஏற்பியில் அமர்ந்ததும் கால்சியம் நுழையும் வாசல்கள் பெருமளவு அடைபடுகின்றன. அதனால் கொட்டும் வேதிப்பொருளின் அளவு குறைகிறது. இடைவெளிக்கு அப்பால் உள்ள நரம்பிலோ வேறு வாசல்கள் திறந்து பொட்டாசியம் வெளியேறுகிறது. இதனால் அந்த நரம்பு எளிதில் கிளர்ச்சி அடையாத நிலைக்குப் போய்விடுகிறது. சொல்பவர் குரல் தாழ்கிறது, கேட்பவர் காதும் மந்தமாகிறது. மூளையிலும் இதே ஏற்பிகள் இருப்பதால், மிச்சம் வந்து சேரும் வலியின் வேதனையும் குறைகிறது. மார்ஃபின் போட்டுக்கொண்டவர்கள் பலர், “வலி இருக்கிறது, ஆனால் முன்போல வாட்டவில்லை” என்று சொல்வது இதனால்தான்.

இதே ஏற்பி, இதே கால்சியம், இதே பொட்டாசியம் வேறோர் இடத்திலும் உண்டு. மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் ப்ரீபோட்சிங்கர் தொகுதி என்று ஒரு சிறு நரம்புக் கூட்டம் இருக்கிறது. நாம் உறங்கும்போதும் மூச்சு நிற்காமல் தாளம் போட்டுக்கொண்டிருப்பது அதுதான். அந்தத் தாளத்தை உண்டாக்கும் நரம்புகளில் பலவற்றிலும் மியூ ஏற்பி இருக்கிறது. மார்ஃபின் தண்டுவடத்தில் வலி நரம்பை அடக்குவதுபோலவே இங்கே மூச்சு நரம்பை அடக்குகிறது. 2020இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வில், எலிகளின் இந்த ஒரு தொகுதியில் மட்டும் மியூ ஏற்பியை நீக்கினார்கள். பிறகு மார்ஃபின் கொடுத்தபோது மூச்சு முன்பைப்போல அவ்வளவாகக் குறையவில்லை. மூளைத்தண்டின் சற்று மேலே உள்ள இன்னொரு பகுதிக்கும் இதில் பங்கு உண்டு.

ஆபத்தைக் கூட்டும் இன்னொரு விஷயமும் உண்டு. நம்மை மூச்சு வாங்கத் தூண்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவல்ல, இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. அது கொஞ்சம் கூடினாலும் மூளை உடனே மூச்சைக் கூட்டச் சொல்லும். மார்ஃபின் அந்த உணர்வையும் மழுக்கிவிடுகிறது. மூச்சு குறைய, கார்பன் டை ஆக்சைடு சேர்கிறது. மூளை அதைப் பொருட்படுத்துவதில்லை. மிக அதிகமாகச் சேர்ந்தால் அந்த வாயுவே மயக்கம் தருவதால் மூச்சு மேலும் தளர்கிறது. மூச்சு முட்டும் தவிப்பு எதுவும் இல்லாமல் இது நடந்துவிடுகிறது.

அப்படியானால் உடல் சுரக்கும் என்கெஃபலின் ஏன் நம் மூச்சை நிறுத்துவதில்லை? அது தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட நேரத்தில் மட்டும் கொஞ்சமாகச் சுரக்கிறது; அருகிலுள்ள நொதிகள் அதை மளமளவென்று சிதைத்துவிடுகின்றன. மார்ஃபின் இரத்தத்தில் கலந்து, ஏற்பி உள்ள எல்லா இடங்களுக்கும் ஒரேயடியாகப் போய், சுமார் நான்கு மணி நேரம் தங்குகிறது. குடலிலும் அந்த ஏற்பிகள் உண்டு என்பதால்தான் மார்ஃபின் எடுப்பவர்களுக்கு மலச்சிக்கல் வருகிறது. அபர்டீனில் குடுவைக்குள் சுருங்க மறுத்த குடல் துண்டு காட்டியதும் இதைத்தான்.

வலி நிவாரணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூச்சுத் தளர்ச்சியைக் கழற்றிவிட முடியுமா என்று வேதியியலாளர்கள் நெடுங்காலம் முயன்றிருக்கிறார்கள். 1996இல் மியூ ஏற்பியே இல்லாத எலிகளை உருவாக்கியபோது, மார்ஃபின் அவற்றின் வலியையும் குறைக்கவில்லை, அவற்றை அடிமையாக்கவும் இல்லை. பின்னர் பார்த்தால் மூச்சையும் அடக்கவில்லை. நன்மையும் தீமையும் ஒரே ஏற்பியிலிருந்துதான் வருகின்றன. ஏற்பிக்குள் போன பிறகு செய்தி இரண்டு பாதைகளில் பிரிகிறது, ஒன்றில் நன்மை, மற்றதில் தீமை என்று ஒரு கருத்து எழுந்தது. அதை நம்பி உருவான ஒலிசெரிடின் என்ற மருந்துக்கு 2020இல் அமெரிக்கா அனுமதியும் தந்தது. ஆனால் அதற்கும் மூச்சுத் தளர்ச்சி எச்சரிக்கை உண்டு. கருத்துக்கு அடிப்படையாக இருந்த எலிச் சோதனைகளை மற்ற ஆய்வகங்கள் திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை.

ஆகவே பாதுகாப்பு இப்போதைக்கு மருந்துக்குள் இல்லை. அளவிலும் கவனிப்பிலும் இருக்கிறது. எழுபது வயதுப் பாட்டி ஒருவருக்கு இடுப்பெலும்பு அறுவை முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை. முதல் நாள் நன்றாகப் பேசுகிறார். மூன்றாம் நாள் கூப்பிட்டால் கண் திறக்கிறார், பாதிப் பேச்சில் மறுபடி தூங்கிவிடுகிறார். “அலுப்பு, தூங்கட்டும்” என்று வீட்டார் விடுகிறார்கள். விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 98 என்று காட்டுகிறது. ஆனால் அவருக்குக் குழாய் வழியாக ஆக்சிஜன் போய்க்கொண்டிருப்பதால் அந்த எண் மூச்சின் நிலையைச் சொல்லாது. நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்த்தால் ஏழுதான் வருகிறது. பெரியவர்களுக்கு வழக்கமாகப் பன்னிரண்டுக்கு மேல் இருக்கவேண்டும். கண்மணிகள் குண்டூசி முனையளவு சுருங்கியிருக்கின்றன.

மருந்தின் அளவு மாறவில்லை. பாட்டியின் சிறுநீரகம்தான் சரியாக வேலை செய்யவில்லை. கல்லீரல் மார்ஃபினை வேறு பொருள்களாக மாற்றுகிறது. அவற்றில் ஒன்று மியூ ஏற்பியில் மார்ஃபினைப் போலவே வேலை செய்யும். அதைச் சிறுநீரகம் வெளியேற்றவேண்டும். முடியாதபோது ஒவ்வொரு வேளைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அது உடலில் சேர்ந்துகொண்டே போகிறது.

மருத்துவர் மார்ஃபினை நிறுத்திவிட்டு நலாக்சோனை நீர்த்து, இரத்தக் குழாய் வழியாக மிகச் சிறு அளவுகளில் ஏற்றுகிறார். இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சு பன்னிரண்டாகிறது. அத்துடன் நிறுத்திக்கொள்கிறார். மொத்தமாக ஏற்றினால் அடங்கியிருந்த வலி முழுவதும் ஒரே நொடியில் பாய்ந்து வரும். ஒரு மணி நேரம் கழித்துப் பாட்டி மறுபடி கண் சொருகுகிறார். நலாக்சோனின் வேலை முடிந்துவிட்டது, ஆனால் தேங்கிய பொருள் இன்னும் இரத்தத்தில் இருக்கிறது. அதனால் நலாக்சோனைச் சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து ஏற்றி, பல மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார்க்கவேண்டும்.

இதைப் படித்துவிட்டு, புற்றுநோயில் துடிப்பவருக்கு மார்ஃபின் வேண்டாம் என்று முடிவு செய்வது பெரும் கொடுமையாகிவிடும். இந்தியாவில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் பல ஆண்டுகள் மருத்துவமனைகளுக்கே மார்ஃபின் கிடைப்பது அரிதாக இருந்தது. 2014 திருத்தம்தான் நாடு முழுவதற்கும் ஒரே விதிமுறைக்கு வழி செய்தது. சிறு அளவில் தொடங்கி, வலிக்கேற்பப் படிப்படியாகக் கூட்டினால், மூச்சுத் தளர்ச்சி அரிதாகவே வரும். வலியே மூச்சைத் தூண்டும் ஒன்று; நாளடைவில் மூச்சு நரம்புகளும் மருந்துக்கு ஓரளவு பழகிவிடுகின்றன. மலச்சிக்கல் மட்டும் அப்படிப் பழகுவதில்லை. அதனால் மார்ஃபினோடு மலமிளக்கியும் எழுதிக் கொடுப்பார்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் கவனிக்கவேண்டியது முதலில் தூக்கத்தை. மூச்சு குறைவதற்கு முன்பே பெரும்பாலும் வழக்கத்துக்கு மாறான தூக்கம் வந்துவிடும். எழுப்பினால் சரியாக எழுந்து பேசுபவருக்கு அச்சமில்லை. எழுப்பச் சிரமமாக இருந்தாலோ, மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்குக் கீழே போனாலோ அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவரை அழைக்கவேண்டும். தூக்க மாத்திரையும் மதுவும் மார்ஃபினோடு சேரக்கூடாது, ஏனென்றால் அவையும் தங்கள் வழியில் மூச்சைத் தளர்த்துபவை. சிறுநீர் குறைந்தாலும் மருத்துவரிடம் சொல்லவேண்டும். அவர் அளவைக் குறைக்கலாம், இடைவெளியைக் கூட்டலாம், அல்லது சிறுநீரகத்தை நம்பி இராத வேறு வலி மருந்துக்கு மாற்றலாம்.