லெவல் டூ சான்றிதழில் யார் கையெழுத்து?

திருச்சி பெல் ஆலையை ஒட்டி, துவாக்குடியிலும் திருவெறும்பூரிலும் பாய்லர் பாகங்கள் செய்து கொடுக்கும் பட்டறைகள் ஏராளம். அங்கே வெல்டிங் முடிந்ததும் பாகம் நேரே லாரி ஏறிவிடாது. பற்றவைத்த இடத்துக்குள் விரிசலோ, காற்றுக்குமிழோ, கசடோ இருக்கிறதா என்று, பொருளை வெட்டாமல் உடைக்காமல் சோதித்தாக வேண்டும். இந்தச் சோதனைக்குத்தான் என்டிடி என்று பெயர். சோதித்தவர் 'லெவல் டூ' தகுதி உள்ளவரா என்பதுதான் வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று.

அதனால் பட்டறை நிர்வாகங்கள் ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்புகின்றன. பெல் வளாகத்தில் 1975-இல் தொடங்கப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய என்டிடி சங்கமும், பல தனியார் நிலையங்களும் இந்தப் பயிற்சியைத் தருகின்றன. எச்.ஆர். பிரிவில் இருப்பவர் போனை எடுத்து, "தலைக்கு எவ்வளவு? அடுத்த பேட்ச் எப்போது?" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, மூன்று கொட்டேஷனில் மலிவானதைத் தேர்ந்தெடுத்துவிடுவார். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. பணம் கட்டும் முன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. அவற்றில் முதலாவது சான்றிதழைப் பற்றியது.

நம் ஊர்த் தொழிற்சாலைகள் பெரும்பாலும் பின்பற்றுவது அமெரிக்க என்டிடி சங்கமான ஏ.எஸ்.என்.டி. வெளியிட்ட எஸ்.என்.டி-டி.சி-1ஏ என்ற வழிகாட்டி. அதன்படி ஒருவரை லெவல் டூ என்று சான்றளிக்கும் பொறுப்பு பயிற்சி நிலையத்துடையது அல்ல, அவரை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்துடையது. பயிற்சி நிலையம் பாடம் நடத்தலாம், தேர்வும் வைக்கலாம். ஆனால் 'எங்கள் நிறுவனத்தில் இவர் லெவல் டூ' என்று கையெழுத்துப் போட வேண்டியவர் முதலாளி. எப்படிப் பயிற்சி கொடுப்போம், எத்தனை மணி நேரம், என்ன தேர்வு என்று நிறுவனமே எழுதி வைத்திருக்கும் நடைமுறை ஆவணமும் வேண்டும். அதைத் தயாரித்து நடத்த ஒரு லெவல் த்ரீ நிபுணர் வேண்டும். நிறுவனத்தில் அப்படி ஒருவர் இல்லையென்றால் வெளியிலிருந்து ஒருவரை எழுத்துமூலம் நியமித்துக்கொள்ளலாம்.

ஆக, நிலையத்திடம் கேட்க வேண்டியது இதுதான்: "நீங்கள் தரும் சான்றிதழ் பயிற்சியும் தேர்வும் முடித்ததற்கான ஆதாரமா, அல்லது ஐ.எஸ்.ஓ. 9712 போன்ற முறையில் ஒரு தனி அமைப்பு கொடுக்கும் சான்றா?" இரண்டும் வேறு. இரண்டாவது வகையில் சான்றளிக்கும் அமைப்பு பயிற்சி நிலையத்திலிருந்து விலகி நிற்கும். கட்டணமும் தேர்வு முறையும் தனி. வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தில் எது எழுதியிருக்கிறதோ அதுதான் தேவை. எனவே போன் செய்வதற்கு முன் பர்ச்சேஸ் ஆர்டரின் தர நிபந்தனைப் பக்கத்தை எடுத்துப் பார்ப்பது நல்லது. எந்த வழிகாட்டி, எந்த ஆண்டுப் பதிப்பு என்பது பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

அடுத்தது நேரக் கணக்கு. நிலையத்தின் தரத்தை வெளியிலிருந்தே எடைபோட இதைவிட நம்பகமான வழி இல்லை. அல்ட்ராசானிக் சோதனையை எடுத்துக்கொள்வோம். லெவல் ஒன்றுக்கு 40 மணி நேரமும், லெவல் டூவுக்கு மேலும் 40 மணி நேரமும் பயிற்சி வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டி. லெவல் ஒன்றைத் தொடாமல் நேராக லெவல் டூவுக்குப் போகிறவருக்கு இரண்டையும் கூட்ட வேண்டும்: 80 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் வகுப்பு என்றால் முழுதாகப் பத்து நாள். 'நான்கே நாளில் யு.டி. லெவல் டூ' என்று விளம்பரம் வந்தால், மீதி ஆறு நாள் பாடம் எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். அதே சமயம் எல்லா முறைக்கும் பத்து நாள் தேவையில்லை. சாயத் திரவம் தடவி மேற்பரப்பு விரிசலைக் காட்டும் பெனிட்ரன்ட் சோதனைக்கு 4 மணியும் 8 மணியும் சேர்ந்து 12 மணி நேரமே போதும். அதை இரண்டு நாளில் முடிப்பதில் தவறே இல்லை.

பயிற்சி முடிந்துவிட்டால் ஆள் தயார் என்று நினைப்பதுதான் பல நிறுவனங்களை ஆடிட்டில் மாட்டிவிடுகிறது. அல்ட்ராசானிக்கில் நேரடி லெவல் டூவுக்கு 210 மணியும் 630 மணியும் கூட்டி, 840 மணி நேர வேலை அனுபவம் ஆவணத்தில் இருக்க வேண்டும். ஒருவர் நாளுக்கு நான்கு மணி நேரம் அந்தக் கருவியோடு நிற்கிறார் என்றால் 210 வேலை நாட்கள். ஏறக்குறைய எட்டு மாதம். எனவே பேட்ச் தேதி கேட்கும்போது, அந்தத் தேதி நமக்கு வசதியா என்பதோடு நிறுத்தக்கூடாது. ஆடிட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மார்ச்சில் ஆடிட் இருக்கிறது, கையில் அனுபவப் பதிவே இல்லாத புது ஆள் என்றால், ஜனவரி பேட்ச் எந்த வகையிலும் உதவாது. அதுவரை ஏற்கெனவே தகுதி பெற்ற ஒருவரை வெளியிலிருந்து அழைத்துச் சோதனை செய்வதுதான் வழி. இதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிற நிலையம் நல்ல நிலையம்.

தேதியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட பேட்ச் வேறு, உறுதியான பேட்ச் வேறு. குறைந்தபட்ச ஆட்கள் சேராவிட்டால் தேதி தள்ளிப்போகும். அந்தக் குறைந்தபட்சம் எத்தனை பேர், எத்தனை நாளுக்கு முன் உறுதி சொல்வார்கள், தள்ளிப்போனால் முன்பணம் திரும்புமா என்பதை மெயிலில் எழுதி வாங்க வேண்டும்.

கட்டணத்துக்கு வருவோம். துவாக்குடியில் ஒரு பட்டறை எட்டுப் பேரை அல்ட்ராசானிக் பயிற்சிக்கு அனுப்ப நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் புரிவதற்காக எடுத்துக்கொண்ட தொகைகள்தான் இவை, சந்தை விலை அல்ல. சென்னை நிலையம் ஒன்று தலைக்கு 18,000 ரூபாய் சொல்கிறது. எட்டுப் பேருக்கு 1,44,000. தேர்வுக் கட்டணம் தலைக்கு 3,000 தனி என்பது கொட்டேஷனின் அடியில் இருக்கிறது, அது 24,000. மொத்தம் 1,68,000. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 30,240. இதுவரை 1,98,240. பதினோரு இரவு தங்கவும் சாப்பிடவும் ஆளுக்கு இரவொன்றுக்கு 1,200 என்றால் மேலும் 1,05,600. ஆக மொத்தம் 3,03,840 ரூபாய்.

அதே நிலையத்தின் பயிற்றுநரைப் பட்டறைக்கே அழைத்தால் நாளுக்கு 15,000 வீதம் பத்து நாளுக்கு 1,50,000, தேர்வு 24,000, அவருடைய பயணமும் தங்கலும் 30,000. ஜி.எஸ்.டி. சேர்த்து 2,40,720 ரூபாய். அறுபதாயிரத்துக்கு மேல் மிச்சம். ஜி.எஸ்.டி. பதிவுள்ள நிறுவனம் ஊழியர் பயிற்சிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால், வரிக்கு முந்தைய தொகையை வைத்தே ஒப்பிடுவது சரி. அப்போதும் பட்டறையில் நடத்துவதுதான் மலிவு.

ஆனால் மலிவாக முடிந்தது நன்றாக முடிந்ததாக ஆகாது. பட்டறையிலேயே வகுப்பு நடந்தால் பதினோரு மணிக்கு ஃபோர்மேன் வந்து, "ரெண்டு பேரை மட்டும் அனுப்புங்க சார், அவசர டிஸ்பேட்ச்" என்று நிற்பார். போனவர்கள் மாலை வரை திரும்பமாட்டார்கள். வருகைப் பதிவேட்டில் மட்டும் 80 மணி நேரம் முழுதாக இருக்கும். இதைத் தடுக்க முடியாத நிர்வாகம், கூடுதலாகச் செலவானாலும் ஆட்களை வெளியூருக்கு அனுப்புவதே மேல்.

கருவிகளும் முக்கியம். அல்ட்ராசானிக் வகுப்பில் கருவியைச் சரிபார்க்க வி-1, வி-2 பிளாக்குகள் வேண்டும். 45, 60, 70 டிகிரி கோண புரோப்கள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே எங்கே என்ன குறை இருக்கிறது என்று முன்பே தெரிந்த வெல்டிங் மாதிரித் துண்டுகள் வேண்டும். எட்டுப் பேருக்கு ஒரே ஒரு கருவி என்றால் ஒருவர் புரோபை நகர்த்த ஏழு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரையில் எழும் அலை வேரிலுள்ள குறையிலிருந்து வருகிறதா, வெல்டின் வடிவத்திலிருந்தே வருகிறதா என்று பிரித்தறிவது கைப்பழக்கத்தில்தான் வரும். எத்தனை கருவி, எத்தனை மாதிரித் துண்டு, செய்முறைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால் நிலையத்தின் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

பயிற்றுநரைப் பற்றிக் கேட்கும்போது "இருபது வருட அனுபவம்" என்ற பதிலோடு திருப்தி அடையக்கூடாது. அவர் எந்தச் சோதனை முறையில் லெவல் த்ரீ? ரேடியோகிராஃபியில் லெவல் த்ரீயாக இருப்பவர் அதனாலேயே அல்ட்ராசானிக்கிலும் லெவல் த்ரீ ஆகிவிடமாட்டார். முறைக்கு முறை தனித் தகுதி. ஏ.எஸ்.என்.டி. லெவல் த்ரீ சான்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டியது. சான்று எண்ணையும் காலாவதித் தேதியையும் வாங்கி, அந்தச் சங்கத்தின் இணையப் பட்டியலில் பெயரைச் சரிபார்க்கலாம். விவரக் குறிப்பில் ஒருவர் பெயரைப் போட்டுவிட்டு வகுப்புக்கு வேறொருவரை அனுப்பும் பழக்கமும் உண்டு. "குறிப்பிட்ட பயிற்றுநர் வராவிட்டால் மாற்றுபவரின் சான்றை முன்கூட்டியே அனுப்ப வேண்டும்" என்ற ஒரு வரியைப் பர்ச்சேஸ் ஆர்டரில் சேர்த்துவிட்டால் போதும்.

தேர்வு எப்படி நடக்கும் என்பதையும் கேட்க வேண்டும். பொதுத் தாள், நிறுவனத்தின் கருவிகளையும் நடைமுறைகளையும் பற்றிய சிறப்புத் தாள், செய்முறை என மூன்று பகுதி. ஒவ்வொன்றிலும் குறைந்தது 70, சராசரியில் 80 மதிப்பெண் என்பது வழிகாட்டி சொல்லும் அளவு. இதில் சிறப்புத் தாள்தான் உரைகல். பாய்லர் டியூப் செய்யும் பட்டறைக்கும் வார்ப்பாலைக்கும் ஒரே சிறப்புத் தாளைக் கொடுக்கும் நிலையம், அந்தத் தாளின் நோக்கத்தையே விட்டுவிடுகிறது. இவற்றோடு கண் பரிசோதனைச் சான்றும் ஃபைலில் வேண்டும். கிட்டப் பார்வையை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். நிலையம் இதைச் செய்து தருகிறதா, நிறுவனமே செய்ய வேண்டுமா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

ரேடியோகிராஃபிக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. கதிர்வீச்சுக் கருவியை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் தனியாக இருக்கின்றன. லெவல் டூ தேறியதாலேயே ஒருவர் கதிர்வீச்சு மூலத்தைத் தொட உரிமை பெற்றுவிடமாட்டார்.

கடைசியாக நிறுவன உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஸ்.என்.டி-டி.சி-1ஏ முறையில் ஊழியர் வேலையை விட்டதும் அந்த நிறுவனம் கொடுத்த சான்று முடிந்துவிடும். புதிய முதலாளி அவரை மறுபடி சான்றளிக்க வேண்டுமானால் பயிற்சி நேரம், மதிப்பெண், அனுபவ மணிக்கணக்கு ஆகியவற்றின் ஆதாரம் தேவை. அந்தப் பதிவுகளின் நகலைப் பயிற்சி முடிந்த வாரமே ஊழியர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் பத்து நாள் உட்கார்ந்து படித்தும், மாதக்கணக்கில் உழைத்தும் சேர்த்தது அது.