கொமட் தாங்கியின் பிடி நட் கழறாவிட்டால்: அதை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும்

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலுக்குப் பிறகு மாத்தளை மாவட்டத்தில் பூட்டிக் கிடந்த வீடுகளுக்குத் திரும்பும் குடும்பங்கள் பல சிறு பழுதுகளைச் சந்திக்கின்றன. அவற்றில் ஒன்று கொமட்டின் தண்ணீர்த் தாங்கி. பிடியை அமுக்கினால் அது இறுகி நிற்கும், அல்லது உள்ளே முறிந்துபோய் ஆடும். புதிய பிடி மலிவானது, ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும். ஆனால் பழைய பிடியைக் கழற்றப் போய்ப் பீங்கான் தாங்கியையே வெடிக்கவைத்தால் முழுத் தாங்கியையும் மாற்ற வேண்டிவரும். அப்படி நடப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: உள்ளே இருக்கும் நட் மற்ற நட்களைப் போலக் கழறாது, எதிர்ப்பக்கமாகவே கழறும்.

நாங்கள் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறோம். உக்குவளைப் பக்கம் உள்ள வீடு அது. பிடி இறுகிவிட்டதால் வீட்டுக்காரர் ஸ்பனர் போட்டு, தண்ணீர்க் குழாய் நட்டைக் கழற்றும் அதே பக்கமாகத் திருப்பியிருக்கிறார். அசையவில்லை. மறுநாள் ஸ்பனரின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி, நீளமாக்கி, இன்னும் பலமாக இழுத்திருக்கிறார். உண்மையில் இரண்டு நாளும் அவர் அதைக் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் பிடி நுழையும் சதுரத் துளையின் மூலையிலிருந்து கீழ்நோக்கி ஒரு வெடிப்பு ஓடியது. துளை தண்ணீர் மட்டத்துக்கு மேலேதான் இருந்தது. ஆனால் வெடிப்பு மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் தாங்கி ஒழுகத் தொடங்கிவிட்டது.

ஏன் எதிர்ப்பக்கம்? பிடியை நீங்கள் எப்போதும் ஒரே பக்கமாகவே அமுக்குகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் அந்த அமுக்கம் பிடியின் புரி வெட்டிய கழுத்தையும் சற்றுத் திருப்பப் பார்க்கும். வழமையான புரியாக இருந்தால் நாளடைவில் நட் தளர்ந்து பிடி ஆடத் தொடங்கும். எதிர்ப்புரி வெட்டினால் அதே அமுக்கம் நட்டை இறுகப் பிடிக்கவைக்கும். அதனால்தான் முன்பக்கமோ பக்கவாட்டிலோ பிடி உள்ள தாங்கிகளில் இந்த நட் பெரும்பாலும் எதிர்ப்புரியாக வருகிறது. மேலே பொத்தான் உள்ள தாங்கிகளுக்கும் சுவரில் உயரத்தில் மாட்டிச் சங்கிலியால் இழுக்கும் தாங்கிகளுக்கும் இது பொருந்தாது.

உங்கள் வீட்டுத் தாங்கியிலும் அப்படித்தானா என்று உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. நட்டுக்கு வெளியே கழுத்தின் புரி கொஞ்சமாவது தெரிந்தால் அதைப் பழைய பிரஷால் துடைத்துவிட்டுக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். கழுத்து நிமிர்ந்து நிற்பதுபோலப் படத்தைத் திருப்பிப் பாருங்கள். வரிகள் இடது பக்கமாக ஏறினால் அது எதிர்ப்புரி. வலது பக்கமாக ஏறினால் வழமையான புரி. சந்தேகமென்றால் தண்ணீர்ப் போத்தலின் கழுத்தை நிமிர்த்திப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுங்கள். போத்தலின் வரிகள் வலது பக்கமாகத்தான் ஏறும்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் தாங்கியின் மூடியைத் தூக்கி, மடித்த சாக்கின் மேல் தரையில் படுக்கவையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் சறுக்கி உடையும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த தாங்கிக்குள் கையை விடுமுன் டோர்ச் அடித்துப் பாருங்கள். வண்டி, பூரான், நுளம்புக் குடம்பி எதுவும் இருக்கலாம். தாங்கிக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடுங்கள். பிடி வேலை செய்யாததால் உள்ளே கையை விட்டு, அடியில் இருக்கும் இறப்பர் மூடியின் சங்கிலியை மேலே தூக்குங்கள். தண்ணீர் இறங்கிவிடும். பிறகு சங்கிலியைப் பிடியின் உள்கையிலிருந்து கழற்றிவிடுங்கள்.

இப்போது தாங்கியைப் பார்த்தபடி நேரே நில்லுங்கள். பிடி முன்பக்கத்தில் இருந்தால் நட் முன்சுவரின் உட்புறத்தில், அதாவது உங்களுக்கு மறுபக்கம் இருக்கும். குழப்பம் இங்கேதான் வருகிறது. "மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கம் திருப்பினால் கழறும்" என்று பலர் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் நட்டை உள்ளே இருந்து, அதன் முகத்தைப் பார்த்துச் சொல்வது. நீங்கள் நிற்பதோ வெளியே. ஆகவே மணிக்கூட்டை மறந்துவிட்டு இப்படிச் செய்யுங்கள்: ஸ்பனரை மேலேயிருந்து இறக்கி, அதன் பிடி நிமிர்ந்து நிற்கும்படி நட்டில் மாட்டுங்கள். ஸ்பனரின் மேல்நுனியை உங்கள் இடக்கைப் பக்கம் இழுங்கள். எதிர்ப்புரி நட் அப்படித்தான் கழறும். வலக்கைப் பக்கம் இழுத்தால் இறுகும்.

பிடி தாங்கியின் இடது பக்கச் சுவரில் இருந்தால் ஸ்பனரின் மேல்நுனியைப் பின்னால், வீட்டுச் சுவர்ப் பக்கம் தள்ளினால் கழறும்.

முதலில் ஸ்பனர் இல்லாமல் கையாலேயே முயன்று பாருங்கள். பிளாஸ்டிக் நட் பல நேரங்களில் விரலுக்கே வந்துவிடும். ஸ்பனர் போட்டால் மற்றக் கையால் வெளிப்பிடியை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சதுரக் கழுத்து துளைக்குள் திரும்பிப் பீங்கானை நெருக்கும். ஸ்பனரின் பிடி தாங்கியின் விளிம்பில் முட்டக்கூடாது. பீங்கான் பாரத்தைத் தாங்கும், ஒரு மூலையில் விழும் நெம்புதலைத் தாங்காது. ஒரு கையின் பலத்துக்கு அசையாவிட்டால் நிறுத்திவிடுங்கள். குழாய் சொருகி நீட்டுவதும் சுத்தியலால் தட்டுவதும் வேண்டாம்.

சரியான பக்கம் திருப்பியும் அசையவில்லை என்றால் எது பிடித்திருக்கிறது என்று பாருங்கள். தம்புள்ளை, கலேவெல, நாவுலப் பக்கக் கிணற்று நீர் கடினமானது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு நட்டைச் சுற்றியும் படியும். இதற்கு வினாகிரி நல்லது. துணியை வினாகிரியில் நனைத்து நட்டைச் சுற்றிக் கட்டி, ஒரு இரவு விடுங்கள். காய்ந்தால் திரும்பவும் நனையுங்கள். காலையில் பிரஷால் தேய்த்தால் படிவு கரைந்து உதிரும். எலுமிச்சம் புளியும் உதவும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. வெள்ளத்துக்குப் பின் கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் பிளீச்சிங் பவுடர் அல்லது குளோரின் போட்டிருப்பீர்கள். அது இருக்கும் இடத்தில் வினாகிரியோ எலுமிச்சம் புளியோ சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும். தாங்கியை நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை கழுவி, கதவையும் யன்னலையும் திறந்துவைத்த பிறகே வினாகிரியை எடுங்கள்.

றத்தோட்டை, உக்குவளை மலைப்பக்க வீடுகளில் ஓடைத் தண்ணீரோடு வந்த சேறுதான் நட்டில் காய்ந்து இறுகியிருக்கும். அதற்கு வினாகிரி பயன்படாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி, ஊறவிட்டு, புரியின் பள்ளங்களைப் பிரஷால் துடைக்க வேண்டும். கொதிநீரை ஊற்றாதீர்கள், குளிர்ந்த பீங்கான் வெடித்துவிடும். மண்ணெண்ணெயும் வேண்டாம், கீழே சொட்டி இறப்பர் மூடியைக் கெடுத்துவிடும்.

எல்லாம் செய்தும் வராவிட்டால் நட்டை அறுக்கலாம். பழைய பிடி எப்படியும் கழிவுதானே. இரும்பு அறுக்கும் வாளின் அலகை மட்டும் எடுத்து, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். அலகுக்கும் பீங்கானுக்கும் இடையில் தடித்த அட்டை ஒன்றைச் செருகுங்கள். நட்டின் ஒரு முகத்தில், கழுத்தின் நீளவாக்கில், புரி தெரியும்வரை மெதுவாக அறுங்கள். அந்த வெட்டில் திருப்புளியின் நுனியை வைத்து முறுக்கினால் பிளாஸ்டிக் நட் பிளந்துவிடும். பித்தளை நட்டுக்கு அதிக நேரம் எடுக்கும், இரண்டு முகங்களிலும் அறுக்க வேண்டியிருக்கலாம்.

இந்த வேலையை வந்த முதல் நாளே முடிக்க வேண்டும் என்றில்லை. ஒரு வாளியில் ஐந்தாறு லீற்றர் தண்ணீரை எடுத்து ஒரே தடவையில் கொமட்டுக்குள் ஊற்றினால் தாங்கி இல்லாமலே கழுவிப் போகும். நட் வினாகிரியில் ஊறட்டும்.

நட் தளர்ந்ததும் அது உள்கையின் நீளம் முழுக்க வழுக்கி, நுனி வழியாக வெளியே வரும். பிறகு பிடியை வெளிப்பக்கமாக இழுத்தால் உள்கையும் துளை வழியாக வந்துவிடும். சில வகைகளில் உள்கை ஒரு சிறு திருகாணியால் பூட்டப்பட்டிருக்கும். அந்தத் திருகாணி பெரும்பாலும் வழமையான புரியே. அதையும் எதிர்ப்பக்கம் திருப்பித் தலையைத் தேய்த்துவிடாதீர்கள்.

கடைக்குப் போகும்போது பழைய பிடியைக் கையோடு கொண்டுபோங்கள். முன்பக்கப் பிடியா, பக்கவாட்டுப் பிடியா, துளையின் அளவு என்ன என்பதைக் கடைக்காரர் அதைப் பார்த்தே சொல்வார். புதிய பிடியோடு வரும் நட்டையே போடுங்கள். பழைய நட் நன்றாக இருக்கிறதே என்று வழமைப் புரியுள்ள புதிய கழுத்தில் ஏற்றினால் அது ஏறாது, பலவந்தப்படுத்தினால் புரி தேயும்.

பூட்டும்போது திசை மாறும்: முன்பக்கப் பிடியில் எதிர்ப்புரி நட்டின் மேற்பக்கம் உங்கள் வலக்கைப் பக்கம் போக வேண்டும். விரலால் இறுகும்வரை திருப்பி, பிறகு ஸ்பனரால் கால் சுற்று. அவ்வளவு போதும். சங்கிலியை மாட்டும்போது ஒரு சென்ரிமீற்றர் அளவு தளர்வு விடுங்கள். இழுபட்டு நின்றால் இறப்பர் மூடி சரியாக உட்காராது, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

வால்வைத் திறந்து தாங்கி நிரம்பியதும் கடும் சாயத்தண்ணீர் ஒரு கோப்பையைத் தாங்கிக்குள் ஊற்றி, கால் மணித்தியாலம் பிடியைத் தொடாமல் விடுங்கள். கொமட்டுக்குள் நிறம் தெரிந்தால் மூடி ஒழுகுகிறது. சங்கிலியை இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள். அப்போதும் நிறம் வந்தால் இறப்பர் மூடி மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறது.