ஏழரை மணி ஆட்டத்துக்கு ஏன் ஐந்து மணிக்கே வரச் சொல்கிறார்கள்?

சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடப்போகிறது என்றால், போக்குவரத்து போலீஸாரின் அறிவிப்பு முன்கூட்டியே நாளிதழ்களில் வந்துவிடும். எந்தச் சாலை ஒருவழி, பாஸ் உள்ள வண்டி எந்தப் பக்கம், பாஸ் இல்லாத வண்டி எங்கே என்று அது நீளும். டிக்கெட்டோடு இன்னொரு பட்டியல் வரும்: தண்ணீர் பாட்டில் கூடாது, ஹெல்மெட் கூடாது, பவர் பேங்க் கூடாது, பை கூடாது. டிக்கெட் வாங்கியவர் அதில் இருக்கை எண்ணைத்தான் தேடுவார். மிச்சத்தைப் படிப்பது வாசலில் யாராவது தடுத்து நிறுத்திய பிறகுதான்.

வாசல், பார்க்கிங், வரிசை, தடை என்று தனித்தனித் தலைப்பில் இருந்தாலும், அந்த அறிவிப்பின் பெரும்பகுதி ஒரே கணக்கிலிருந்து வருகிறது. ஒரு வாசல் வழியாக ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் உள்ளே போக முடியும் என்பதுதான் அந்தக் கணக்கு.

பிரிட்டனில் விளையாட்டு மைதானங்களின் பாதுகாப்புக்கென ஒரு வழிகாட்டி நூல் இருக்கிறது. அட்டை நிறத்தை வைத்து அதை 'கிரீன் கைடு' என்பார்கள். 1971இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானப் படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்த பிறகு, 1973இல் அதன் முதல் பதிப்பு வந்தது. ஒரு சுழல்கதவு வழியாக மணிக்கு அதிகபட்சம் 660 பேர்தான் போக முடியும் என்று கணக்கிடச் சொல்கிறது அந்த நூல். அதாவது ஆளுக்கு ஐந்தரை நொடி. அதற்கு மேல் வேகம் உண்டு என்று காகிதத்தில் எழுதிக்கொள்ள அனுமதியில்லை.

நம் ஊரில் அந்த வேகமும் கிடைக்காது. டிக்கெட்டை ஸ்கேன் செய்ய வேண்டும், உடலைத் தடவிச் சோதிக்க வேண்டும். ஒருவருக்குப் பத்து நொடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரிசையில் மணிக்கு 360 பேர். ஒரு வாசலில் எட்டு வரிசை இருந்தால் 2,880 பேர். அந்த வாசலுக்கு 5,000 டிக்கெட் ஒதுக்கியிருந்தால் எல்லோரும் உள்ளே போக ஒன்றே முக்கால் மணி நேரம் வேண்டும். நான்கரை, ஐந்து மணிவாக்கில் கதவு திறந்தால் நேரம் தாராளம்.

ஆனால் கூட்டம் அப்படிச் சீராக வராது. அலுவலகம் முடிந்து, டிராஃபிக்கில் ஊர்ந்து, பாதிக்கு மேற்பட்டோர் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் வந்து சேர்வார்கள். அந்த 5,000 பேரில் 3,500 பேர் ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையே வருவதாகக் கொண்டால், எட்டு வரிசையும் முழு வேகத்தில் ஓடினாலும் முதல் பந்து வீசும்போது 620 பேர் வெளியே நிற்பார்கள்.

இங்கேதான் தடைப் பட்டியல் வருகிறது. ஐந்து பேரில் ஒருவர் பையோடும் பவர் பேங்கோடும் வந்து, பையைத் திறந்து காட்டி, "இதை எங்கே சார் வைப்பது?" என்று கேட்டு நின்றால் அவருக்கு மட்டும் முப்பது நொடி கூடுதலாகும். சராசரி பத்து நொடியிலிருந்து பதினாறு நொடிக்கு ஏறிவிடும். மணிக்கு 2,880 பேர் போன வாசலில் இப்போது 1,800 பேர்தான் போக முடியும். ஏழரைக்கு வெளியே நிற்பவர்கள் 620 அல்ல, 1,700 பேர். வாசலுக்கு முன்னே இருபது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலம்தான் இடம் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு நான்கு பேருக்கு மேல் ஆகிவிடும்.

நான்கு பேர் வரை நெரிசல் எரிச்சலாக மட்டும் இருக்கும். ஐந்தைத் தாண்டினால் ஆபத்து. ஆறு, ஏழு என்று போனால் யாரும் தன் காலால் நடப்பதில்லை. பின்னாலிருந்து வரும் அலை மொத்தக் கூட்டத்தையும் தண்ணீர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளும். கூட்ட நெரிசலில் இறப்பவர்கள் மிதிபட்டுச் சாகிறார்கள் என்று பொதுவாகச் சொல்கிறோம். பெரும்பாலும் அப்படியில்லை. மார்பு விரிய இடமில்லாமல், நின்றபடியே மூச்சு முட்டி இறக்கிறார்கள்.

இந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் மறக்காத சாட்சி ஹில்ஸ்பரோ. 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. லிவர்பூல் ரசிகர்கள் நின்று பார்க்கும் பகுதிக்கு 10,100 டிக்கெட். அவர்களுக்கு ஒதுக்கியது ஏழு சுழல்கதவுகள். மணிக்கு 660 பேர் என்ற கணக்கில் அத்தனை பேரும் உள்ளே போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆட்டம் மூன்று மணிக்கு. இரண்டரை மணிக்கு வாசலில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்தார்கள். 2.52க்கு போலீஸார் 'சி' என்ற பெரிய வெளிக்கதவைத் திறந்துவிட்டார்கள். சுமார் 2,000 பேர் உள்ளே நுழைந்தார்கள்.

கதவைத் திறந்ததும் வெளியே நெரிசல் குறைந்தது. நெரிசல் உள்ளே இடம் மாறியது. நுழைந்தவர்கள் கண்ணுக்கு நேரே ஒரு சுரங்கவழி தெரிந்தது. அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப்பகுதி வேலி அடைப்புகளுக்குப் போனது. ஓரத்து அடைப்புகளில் இடம் இருந்தது. அங்கே போகச் சொல்லிக் கைகாட்ட ஆளில்லை, படிக்கும்படியான பலகையும் இல்லை. 3.06க்கு ஆட்டம் நிறுத்தப்பட்டது. மொத்தம் 97 பேர் பலி. முதலில் ரசிகர்கள் மீதே பழி போட்டார்கள். 2016இல் முடிந்த மரண விசாரணை, ரசிகர்கள் மீது தவறில்லை என்று தீர்த்துச் சொன்னது.

அந்த விபத்திலிருந்து அறிவிப்புக்கு வந்த பாடங்கள் எளிமையானவை. வாசல் எழுத்தும் டிக்கெட்டிலுள்ள எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே போனவரை இருக்கை வரை பலகை கூட்டிப்போக வேண்டும். வெளியே கூட்டம் தேங்கினால் ஆட்டத்தைப் பதினைந்து நிமிடம் தள்ளிவைக்கவும் தயங்கக் கூடாது.

நம் பக்கத்து மாநிலத்திலேயே அண்மையில் நடந்தது இன்னொன்று. ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு முதன்முறையாக ஐ.பி.எல். கோப்பை வென்ற மறுநாள், 2025 ஜூன் 4 அன்று, சின்னசாமி மைதானத்தில் பாராட்டு விழா. வாசல்களில் ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்தார்கள். 35,000 பேர் கொள்ளும் இடத்துக்கு இரண்டு மூன்று லட்சம் பேர் வந்துவிட்டதாக முதலமைச்சர் சித்தராமையா சொன்னார். உள்ளே போக பாஸ் வேண்டுமா, வேண்டாமா என்பதே பலருக்குத் தெளிவில்லை. டிக்கெட் உள்ள ஆட்டத்தில் வருகிற கூட்டத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அறிவிப்பு குழப்பமானால் அந்த வரம்பும் போய்விடும்.

சேப்பாக்கத்தில் சுமார் 38,000 பேர் உட்காரலாம். ஆனால் சுற்றிலும் திறந்தவெளி கிடையாது. வாலாஜா சாலை, பெல்ஸ் சாலை, விக்டோரியா ஹாஸ்டல் சாலை, பறக்கும் ரயில் பாதை, பக்கிங்காம் கால்வாய் என்று நெருக்கமான இடம். வரிசை நிற்க வேண்டியதே சாலையில்தான். அதனால்தான் கார்களுக்கு இவ்வளவு கட்டுப்பாடு. நடந்து வரும் கூட்டத்தின் குறுக்கே ஒரு கார் திரும்பினால் வரிசை அறுந்து, பின்னால் இருப்பவர்கள் முட்டிக்கொள்வார்கள்; ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழி இருக்காது. பாஸ் இல்லாத வண்டிகளைக் கடற்கரைப் பக்கம் தள்ளுவது இதற்காகவே. சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையம் மைதானத்தை ஒட்டியே இருக்கிறது. அரசினர் தோட்டம் மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரம்தான். 2023 முதல் சி.எஸ்.கே. ஆட்ட டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவில் இலவசமாகப் போய்வரும் ஏற்பாடு வந்ததும், வண்டிகளைக் குறைக்கும் இதே கணக்கில்தான்.

தடைப் பட்டியலில் எல்லாமே வரிசைக்காக அல்ல. தண்ணீர் பாட்டிலுக்குத் தனி வரலாறு உண்டு. 1996 மார்ச் 13, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ், உலகக் கோப்பை அரையிறுதி. இலங்கைக்கு எதிராக இந்தியா எட்டு விக்கெட் இழந்து 120 எடுத்திருந்தபோது பார்வையாளர்கள் பாட்டில்களை மைதானத்துக்குள் வீசினார்கள், இருக்கைகளில் தீ வைத்தார்கள். மேட்ச் ரெஃப்ரி கிளைவ் லாயிட் ஆட்டத்தை இலங்கைக்கே கொடுத்துவிட்டார். கையில் எடுத்து எறியக்கூடிய கனமான பொருள், எரியக்கூடிய பொருள் என்று பார்த்துத் தடை செய்கிறார்கள். பவர் பேங்க், ஹெல்மெட், லைட்டர் எல்லாம் அந்தக் கணக்கில் சிக்கும். ஆனாலும் பட்டியலுக்கு எல்லை உண்டு. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டம் நடந்தபோது சேப்பாக்கத்தில் வீரர்கள் பக்கம் காலணி வீசினார்கள். செருப்பைத் தடை செய்ய முடியுமா? அந்த ஆண்டின் மிச்ச ஆட்டங்கள் புனேவுக்குப் போயின.

ஹெல்மெட் விஷயத்தில் ரசிகர்களின் குறை நியாயமானது. வண்டி ஓட்ட ஹெல்மெட் கட்டாயம். உள்ளே போக அது தடை. எங்கே வைப்பது என்று சொல்லாமல் "கூடாது" என்று மட்டும் எழுதினால், அந்த வாக்குவாதம் வரிசையின் தலையில்தான் நடக்கும். பொருள் வைக்கும் கூடாரம் சோதனை இடத்துக்கு ஐம்பது அடி முன்னாலேயே இருக்க வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டவர் வரிசைக்கு எதிராகப் போகாமல் பக்கவாட்டில் வெளியேற ஒரு வழி விட வேண்டும். போலி டிக்கெட்காரருக்கும் அதே வழிதான். ஒரே டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட்டை நாலு பேருக்கு விற்றிருப்பார்கள். முதலில் வந்தவரை உள்ளே விட்ட கருவி மற்ற மூவரையும் மறுக்கும்.

நெரிசலில் மாட்டிக்கொண்டால் சில விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கையைத் தூக்கி முகத்தைத் துடைக்க முடியவில்லை என்றால் அப்போதே ஓரத்துக்கு நகர வேண்டும். எதிர்த்துத் தள்ளாமல், ஒரு அலை ஓய்ந்து அடுத்தது வருவதற்குள் குறுக்காக நகர வேண்டும். இரு கையையும் மார்புக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ள வேண்டும். செல்போனே விழுந்தாலும் குனியக் கூடாது. குழந்தையைத் தோளில் தூக்கிக்கொள்ள வேண்டும்.

அமைப்பாளர்களுக்கு ஒன்று: அறிவிப்பில் கதவு திறக்கும் நேரத்தோடு, எந்த நேரத்துக்குள் வந்தால் எத்தனை நிமிடம் நிற்க வேண்டியிருக்கும் என்பதையும் போடுங்கள்; பொருள் வைக்கும் இடத்தைப் படத்தில் காட்டுங்கள். ரசிகர்களுக்கு ஒன்று: டிக்கெட்டை வீட்டிலேயே செல்போனில் இறக்கிக்கொள்ளுங்கள், மைதானத்தருகே நெட்வொர்க் திணறும். பையையும் பவர் பேங்கையும் வீட்டில் விட்டுவிட்டு, ரயிலிலோ மெட்ரோவிலோ ஆறு மணிக்குள் வாசலுக்கு வந்துவிடுங்கள்.