‘ஸ்கேனர் தெரியும்’ என்று எழுதினால் போதுமா?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஐந்தாறு ஆண்டுகள் டீசல் வண்டி வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர், கார் டீலர்ஷிப் ஒன்றின் சர்வீஸ் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் வழக்கமான மாதிரிதான்: ஐ.டி.ஐ. படிப்பு, மூன்று ஆண்டு அனுபவம், டயக்னாஸ்டிக் டூல் கையாளத் தெரிந்திருக்க வேண்டும், தயாரிப்பு நிறுவனப் பயிற்சி பெற்றவர்களுக்கு முன்னுரிமை.

அவருடைய பயோடேட்டா இப்படி இருக்கிறது: ‘எல்லா கம்பெனி வண்டிகளும் தெரியும். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் வேலை தெரியும். ஸ்கேனர் தெரியும். கடின உழைப்பாளி.’ இதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் விளம்பரம் கேட்ட டூல், நிறுவனப் பயிற்சி என்ற இரண்டு முக்கியமான கேள்விகளுக்கும் இதில் பதில் இல்லை.

டீலர்ஷிப்புகள் டூலைப் பற்றி இவ்வளவு அழுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 விதி வந்தது. பி.எஸ். 4-இலிருந்து நேரே ஆறுக்குத் தாவியதில் டீசல் கார்களின் புகைக்குழாய்க்குள் டி.பி.எஃப். என்ற கரி வடிகட்டி பரவலாக நுழைந்தது, சென்சார்களும் கூடின. 2023 ஏப்ரலில் விதியின் அடுத்த கட்டம் வந்தபோது, வண்டியே தன் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகளை ஓட்டத்தின்போது கண்காணிக்கும் முறை மேலும் இறுகியது. ‘பிக்கப் இல்லை’ என்று வாடிக்கையாளர் சொல்லும் புகாரை இனிக் காதால் மட்டும் கேட்டுத் தீர்ப்பது கடினம்.

டூல் தெரியும் என்பதிலும் படிகள் இருக்கின்றன. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கருவியும் எரர் கோடைப் படிக்கும், அழிக்கும். அடுத்த படி லைவ் டேட்டா: இன்ஜின் ஓடும்போதே அழுத்தம், வெப்பம், காற்றின் அளவு ஆகியவற்றைத் திரையில் பார்ப்பது. அதற்கும் மேலே ஆக்சுவேட்டர் டெஸ்ட், அதாவது கருவியிலிருந்தே ஒரு வால்வையோ ஃபேனையோ இயக்கிப் பார்ப்பது. கடைசிப் படியில் வருபவை இன்ஜெக்டர் கோடிங், டி.பி.எஃப். கரியை எரித்து வெளியேற்றுவது, கன்ட்ரோல் யூனிட்டில் புதிய மென்பொருள் ஏற்றுவது. டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம், ஹூண்டாயின் ஜி.டி.எஸ். போன்ற நிறுவனக் கருவிகளின் பலம் இந்தக் கடைசிப் படிகளில்தான் தெரியும். ‘ஸ்கேனர் தெரியும்’ என்ற வரி, இவர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைச் சொல்லவில்லை. வெளியில் விற்கும் மல்டிபிராண்ட் கருவிகளிலும் கோடிங் வரை செய்யலாம் என்பதால், இவர் நான்காம் படியில் இருக்கவும் கூடும். அதுவும் பயோடேட்டாவில் தெரியவில்லை.

அப்படியானால் என்ன எழுதுவது? அவர் கையால் முடித்த ஒரு வேலையை எடுத்துப் பார்க்கலாம். காமன் ரெயில் டீசல் வண்டி ஒன்று வருகிறது. மேடு ஏறும்போது இழுவை இல்லை, செக் லைட் எரிகிறது. ஸ்கேனரில் P0087. ஃப்யூயல் ரெயிலில் அழுத்தம் குறைவு என்பது இந்தக் கோடின் பொருள். அவசரக்காரர் உடனே ஹை பிரஷர் பம்பை மாற்றச் சொல்வார். வாடிக்கையாளருக்குப் பெரும் செலவு, கோளாறும் போகாமல் இருக்கலாம். கோடு சொல்வது அறிகுறியை மட்டும்தான். பம்ப், ஃபில்டர், சென்சார், இன்ஜெக்டர் என நான்கு இடங்களில் எதுவும் காரணமாக இருக்கலாம்.

நம் மெக்கானிக் லைவ் டேட்டாவைத் திறக்கிறார். இ.சி.எம். கேட்கும் ரெயில் பிரஷரும் உண்மையில் கிடைக்கும் பிரஷரும் பக்கத்துப் பக்கத்தில் தெரிகின்றன. ஐடிலில் இரண்டும் ஒட்டியே போகின்றன. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் கேட்பது ஏறுகிறது, கிடைப்பது பின்தங்குகிறது. சாவியைப் போட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சென்சாரையும் ஒயரையும் மல்டிமீட்டரில் பார்க்கிறார், சரியாக இருக்கின்றன. ஃபில்டரை மாற்றி, லைனில் இருந்த காற்றை எடுத்துவிடுகிறார், பலனில்லை. பிறகு ரிட்டர்ன் டெஸ்ட். நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் கழற்றி, நான்கு அளவுக் குப்பிகளில் விட்டு, இன்ஜினைச் சிறிது நேரம் ஓட விடுகிறார். மூன்றில் கொஞ்சமாக, ஏறக்குறைய ஒரே அளவு டீசல். மூன்றாவது சிலிண்டரின் குப்பி மட்டும் மளமளவென்று நிறைகிறது. ரெயிலில் சேர வேண்டிய அழுத்தம் அந்த இன்ஜெக்டர் வழியாக டேங்குக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

இன்ஜெக்டரை மாற்றியதோடு வேலை முடியவில்லை. புதிய இன்ஜெக்டரின் தலையில் பொறித்திருக்கும் கோடை இ.சி.எம்.மில் ஏற்ற வேண்டும். பல வண்டிகளில் இதை விட்டால் இன்ஜின் தட்டும், ஐடில் ஆடும். பிறகு எரர் கோடை அழித்து, அதே மேட்டில் லோடுடன் ஓட்டி, கேட்கும் பிரஷரும் கிடைக்கும் பிரஷரும் இணைந்து ஏறுகின்றனவா என்று பார்த்த பிறகே வண்டியை ஒப்படைக்கிறார்.

இந்த ஒரு வேலை, பயோடேட்டாவில் நான்கு வரி: ‘P0087, மேட்டில் இழுவைக் குறைவு. லைவ் டேட்டாவில் லோடின்போது ரெயில் பிரஷர் பின்தங்கியது. ரிட்டர்ன் டெஸ்டில் மூன்றாம் சிலிண்டர் இன்ஜெக்டர் கசிவு உறுதியானது. இன்ஜெக்டர் மாற்றி, மல்டிபிராண்ட் ஸ்கேனரில் கோடிங் செய்து, லோடுடன் ஓட்டிச் சரிபார்த்தேன்.’ இப்படி மூன்று வேலைகள் இருந்தால் போதும்: ஒன்று டீசல், ஒன்று மின்சுற்று, ஒன்று ஏ.பி.எஸ். அல்லது ஏ.சி. என்று வேறு வேறு பகுதிகளிலிருந்து. கருவியின் பெயரையும் எந்தப் படி வரை அதில் வேலை செய்தார் என்பதையும் சேர்க்க வேண்டும். வாடிக்கையாளரின் பெயரோ வண்டி எண்ணோ வேண்டாம். செய்யாத வேலையை எழுதினால் நேர்முகத்திலேயே உடைந்துவிடும். ‘கழற்றுவதற்கு முன்னால் லைவ் டேட்டா என்ன காட்டியது?’ என்று கேட்டால், செய்தவரிடமிருந்து மட்டும்தான் பதில் வரும்.

நிறுவனப் பயிற்சிதான் பலரையும் பின்வாங்க வைக்கும் வரி. இந்தப் பயிற்சி பெரும்பாலும் டீலரிடம் வேலையில் இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கிறது. டீலர் பெயரைப் பதிந்து அனுப்பினால்தான் பயிற்சி மையத்துக்குப் போக முடியும். தனி ஒர்க்‌ஷாப்காரர் அதைக் கையில் வைத்திருக்க வழி குறைவு. அது அவருடைய குற்றம் அல்ல. அதனால் விளம்பரத்தில் இருப்பது ‘முன்னுரிமை’யா ‘கட்டாய’மா என்று பார்க்க வேண்டும். கட்டாயம் என்றால் வேறொரு டீலரிடமிருந்து மாறி வருபவரைத் தேடுகிறார்கள். அங்கே மெனக்கெடுவதில் பயன் குறைவு. முன்னுரிமை என்றால் கதவு திறந்தே இருக்கிறது.

அந்த இடத்தில் கையில் இருப்பதை அதன் சரியான பெயரில் எழுத வேண்டும். ஐ.டி.ஐ. என்று மட்டும் போடாமல், இரண்டு ஆண்டு மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிளா, ஓராண்டு மெக்கானிக் டீசலா என்று பிரிவைச் சொல்ல வேண்டும். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் அப்ரெண்டிஸாக இருந்திருந்தால், தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் முதல் பக்கத்தில் வர வேண்டும். ஒரு பிராண்டின் ஜாப் கார்டு முறைக்கும் சர்வீஸ் மேனுவலுக்கும் பழகியவர் என்பதற்கு அதுவே சாட்சி. வேலை செய்தே கற்றவர்களுக்கு, வாகனத் துறைத் திறன் மேம்பாட்டுக் குழுவின் முன்கற்றல் அங்கீகாரத் தேர்வு இருக்கிறது. உதிரிபாக நிறுவனம் நடத்திய ஒரு நாள் வகுப்பை ‘ஒரு நாள் வகுப்பு’ என்றே எழுத வேண்டும். ‘கம்பெனி ட்ரெய்னிங்’ என்று ஊதினால், சான்றிதழைக் கேட்கும்போது மற்ற வரிகளின் மீதும் சந்தேகம் விழும்.

வேலைக்கு எடுக்கும் முன் சர்வீஸ் பேயில் ஒரு வண்டியைக் காட்டிப் பார்க்கச் சொல்லும் இடங்களும் உண்டு. அதற்குத் தயாராக, ஒயரிங் டயகிராமைப் படித்து ஒரு சென்சாரின் சப்ளையையும் எர்த்தையும் மல்டிமீட்டரில் தேடிப் பழகிக்கொள்வது நல்லது. நிறுவனக் கருவியின் திரை புதிதாக இருந்தால், ‘இந்த டூலை நான் பார்த்ததில்லை, மல்டிபிராண்டில் இதே வேலையைச் செய்திருக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, மெனு எங்கே என்று கேட்கலாம்.