இடிக்கும் முன் 15 நாள்

அனுமதியற்ற கட்டடத்தை இடிக்கும் முன் அதிகாரிகள் என்ன செய்ய வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று படிப்படியாக வகுத்துத் தந்தது. குற்ற வழக்கில் சிக்கியவர்களின் வீடுகளைச் சில மாநிலங்களில் பொக்லைன் விட்டு இடித்ததுதான் அந்த வழக்கின் பின்னணி.

அனுமதி பெற்ற வீட்டின் மொட்டைமாடியில் ஒருவர் அனுமதியில்லாமல் ஓர் அறை எழுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒப்புதல் அட்டையுடன் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போக வேண்டும். வீட்டின் வெளிச்சுவரிலும் ஒட்ட வேண்டும். எந்த விதி மீறப்பட்டது, என்னென்ன ஆவணங்கள் வேண்டும், எந்தத் தேதியில் யார் முன் விசாரணை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நோட்டீஸ் மார்ச் 3-ல் கைக்கு வந்தால் பதில் தர மார்ச் 18 வரை அவகாசம் உண்டு. உள்ளூர்ச் சட்டம் கூடுதல் நாள் தந்தால் அதுவே செல்லும்.

பழைய தேதி போட்டு நோட்டீஸ் தயாரிப்பது இந்த வழக்குகளில் நெடுங்காலக் குறை. அதை அடைக்கவே, நோட்டீஸ் கொடுத்தவுடன் கலெக்டர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பவும், அங்கிருந்து தானாகவே ஒப்புதல் வரவும் நீதிமன்றம் ஏற்பாடு செய்தது. எந்த நாளில் அனுப்பியது என்பதை அதன்பின் மாற்ற முடியாது.

விசாரணையில் பேசியதைப் பதிவு செய்ய வேண்டும். இறுதி உத்தரவில், அபராதம் கட்டி வரன்முறைப்படுத்த முடியுமா, அந்த அறையை மட்டும் அகற்றினால் போதாதா, இடிப்பதைத் தவிர வேறு வழி ஏன் இல்லை என்பதற்குக் காரணம் எழுதியாக வேண்டும். மொத்த நடைமுறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. காரணம் எழுத உட்காரும் அதிகாரி, ஓர் அறைக்காக முழு வீட்டையும் இடிக்கச் சொல்வது கடினம். உத்தரவு கிடைத்த பிறகும் உரிமையாளர் தாமே அகற்றிக்கொள்ள 15 நாள் உண்டு. இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும். விதிகளை மீறிய அதிகாரி, இடித்ததைத் தம் சொந்தச் செலவில் மீட்டுத்தரவும் நேரிடும்.

சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள கட்டுமானங்களுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. ஆனால் நடைபாதையில் கடை போடுகிறவர்களுக்கு 2014-ம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் தனியே இருக்கிறது. வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. சான்றிதழில் குறித்த இடத்திலிருந்து ஒருவரை அகற்ற 30 நாள் நோட்டீஸ் வேண்டும்.

சரக்கைப் பறிமுதல் செய்தால் அங்கேயே பட்டியல் எழுதி, கையெழுத்திட்ட பிரதியை வியாபாரியிடம் கொடுக்க வேண்டும். தள்ளுவண்டியை அப்படியே லாரியில் ஏற்றிக்கொண்டு போகும்போது விடுபட்டுப்போவது இந்தப் பட்டியல்தான். அது இல்லாவிட்டால் எத்தனை கூடை போயிற்று என்று வியாபாரியால் நிரூபிக்க முடியாது. கேட்டுப் போனால் மற்ற பொருள்களை 2 வேலை நாளிலும், கீரை, தக்காளி போல அழுகும் சரக்கை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும்.