ஆயில் டப்பாவின் முதல் எண்

கனடாவின் வின்னிபெக் நகரில் ஜனவரி மாத இரவுகள் சராசரியாகவே மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். மைனஸ் 30ஐத் தாண்டும் இரவுகளும் குளிர்காலம்தோறும் வந்துபோகும். அடுக்குமாடிகளில் குடியிருக்கும் பலருக்கு அங்கே மூடிய காரேஜ் கிடையாது. கார் திறந்தவெளியில்தான் இரவைக் கழிக்கும். மாலையில் சூடாக நிறுத்திய இன்ஜின், விடிவதற்குள் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கே வந்துவிடும். இன்ஜினுக்கு அடியிலுள்ள தொட்டியில் தேங்கிக் கிடக்கும் நாலைந்து லிட்டர் ஆயிலும் அதே குளிரில் கிடக்கும். காலையில் சாவியைத் திருப்பும்போது அந்த ஆயில் என்ன செய்யும் என்பது டப்பாவின் மேல் அச்சடித்த ஓர் எண்ணில் இருக்கிறது.

0W-20, 5W-30 என்பதுபோல டப்பாவில் இரண்டு எண்கள் இருக்கும். பின்னால் வரும் எண், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, அதாவது 100 டிகிரியில், ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்கிறது. W என்ற எழுத்தோடு ஒட்டி முன்னால் நிற்பதுதான் குளிருக்கான எண். சென்னையில் பைக்குக்கு 20W-40 ஊற்றிப் பழகியவர்கள் முன்னெண்ணைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். கவனிக்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்குச் சற்று முன்பின் நிற்கும் ஊரில் அந்த எண்ணுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை.

குளிர் நாட்டில் அந்த எண்ணைப் படிக்க ஒரு சின்னக் கணக்குப் போதும். முன்னெண்ணிலிருந்து 35ஐக் கழிக்க வேண்டும். 0W என்றால் மைனஸ் 35. 5W என்றால் மைனஸ் 30. 10W மைனஸ் 25, 15W மைனஸ் 20. சென்னையிலிருந்து பழகிய 20W மைனஸ் 15. இது யாரோ அனுபவத்தில் சொன்ன குத்துமதிப்பு அல்ல. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த தரநிலையில், ஒவ்வொரு W வகை ஆயிலையும் எந்தக் குளிரில் சோதிக்க வேண்டும் என்று குறித்திருக்கும் வெப்பநிலைகளே இப்படி அமைந்திருக்கின்றன. அந்தக் குளிரில், ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினைச் சுழற்ற முடியாத அளவுக்கு ஆயில் கெட்டியாகியிருக்கக் கூடாது. சோதனையில் தேறினால்தான் டப்பாவில் அந்த எண்ணை அச்சடிக்கலாம்.

இதிலிருந்து இன்னொன்றும் தெளிவாகிறது. 0W என்பதைப் பார்த்து, தண்ணீர்போல நீர்த்த ஆயில் என்று பயப்படத் தேவையில்லை. 0W-30, 5W-30 இரண்டும் இன்ஜின் சூடான பிறகு ஒரே வரம்புக்குள் வரும் கெட்டித்தன்மை கொண்டவைதான். வித்தியாசம் விடிகாலையில் மட்டும்.

சுழற்றும் சோதனையைத் தவிர இரண்டாவது சோதனை ஒன்றும் உண்டு. வாகன ஓட்டிகள் அதிகம் கேள்விப்படாத அதுதான் இரண்டிலும் முக்கியமானது. இன்ஜின் சுழல்வது ஒரு வேலை; தொட்டியில் கிடக்கும் ஆயிலைப் பம்ப் உறிஞ்சி மேலே பேரிங்குகளுக்கும் கேம்ஷாஃப்ட்டுக்கும் அனுப்புவது வேறு வேலை. ஆகவே ஆயில் பம்ப்புக்குள் ஓடிவருமா என்று தனியே பார்க்கிறார்கள், அதுவும் முதல் சோதனையைவிட 5 டிகிரி கூடுதல் குளிரில். 5W ஆயிலுக்குச் சுழற்றும் சோதனை மைனஸ் 30இல், பம்ப் சோதனை மைனஸ் 35இல். 0W ஆயிலுக்கு மைனஸ் 35, மைனஸ் 40.

இந்த 5 டிகிரி இடைவெளி வேண்டுமென்றே வைத்தது. குளிர் ஏற ஏற, முதலில் இன்ஜின் கிளம்ப மறுக்க வேண்டும்; பம்ப் தோற்பது அதற்குப் பிறகுதான் வர வேண்டும். கிளம்பாத இன்ஜினால் அன்றைய வேலை கெடும், அவ்வளவுதான். கிளம்பிவிட்ட இன்ஜினுக்கு ஆயில் வந்து சேராவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசி, சில நிமிடங்களில் பேரிங் போய்விடும்.

அப்படி நடந்தும் இருக்கிறது. 1980-81 குளிர்காலத்தில், அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலத்திலுள்ள சூ ஃபால்ஸ் நகரில் பல கார்களின் இன்ஜின்கள் பழுதாயின. அவற்றில் இருந்தது அன்றைய சோதனைகளில் முறையாகத் தேறிய ஆயில். அந்நாளைய சோதனைக்கூடத்தில் ஆயிலைச் சற்று வேகமாகவே குளிர வைத்துவிடுவார்கள். சூ ஃபால்ஸில் குளிர் அப்படி வரவில்லை. மெதுவாக இறங்கி, ஒரு குறிப்பிட்ட நிலையில் நெடுநேரம் நின்றது. ஆயிலில் கரைந்திருந்த மெழுகு, அந்த அவகாசத்தில் படிகங்களாகி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டது. ஆயில் கூழ்போல உறைந்துவிட்டது. கெட்டித் தயிரில் கரண்டியால் ஒரு குழி எடுத்தால் சுற்றியுள்ள தயிர் வந்து அந்தக் குழியை நிரப்பாது அல்லவா? பம்ப்பின் வாயருகே அதுதான் நடந்தது. முதல் இழுப்பில் கொஞ்சம் ஆயில் போனது. பிறகு அந்தக் குழி வழியே பம்ப் காற்றைத்தான் உறிஞ்சியது.

அதன்பின் பம்ப் சோதனையின் போக்கே மாறியது. இப்போது ஆயிலை ஏறத்தாழ இரண்டு நாள் எடுத்து, படிப்படியாகக் குளிர வைக்கிறார்கள். சிறு கிண்ணத்தில் ஆயில், அதற்குள் ஓர் உருளை, உருளையின் தண்டில் சுற்றிய நூல், நூலின் முனையில் 10 கிராம் எடை. அவ்வளவு சிறிய எடைக்கே உருளை அசைந்துகொடுத்தால் ஆயில் கூழாகவில்லை என்று பொருள். அசையாவிட்டால் அங்கேயே தோல்வி. அசைந்தால், இன்னும் கனமான எடையைத் தொங்கவிட்டு, உருளை சுற்றும் வேகத்திலிருந்து கெட்டித்தன்மையைக் கணக்கிடுவார்கள். இன்று வாங்கும் டப்பாவின் முன்னெண்ணுக்குப் பின்னால் இந்த இரண்டு நாள் பொறுமை இருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வின்னிபெக்கில் ஒரு குடும்பத்தின் காரில் 5W-20 இருக்கிறது. கையேடு 0W-20ஐப் பரிந்துரைத்து, 5W-20ஐயும் அனுமதிக்கிறது. வானிலை அறிக்கையில் இன்றிரவு மைனஸ் 33, காற்றுக்குளிர் மைனஸ் 45 என்று வருகிறது. இதில் மைனஸ் 45ஐக் காருக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். வீசும் காற்றில் மனிதத் தோல் உணரும் குளிரின் அளவு அது. காற்று இன்ஜினைச் சீக்கிரம் ஆற வைக்கும். ஆனால் வெளி வெப்பநிலைக்குக் கீழே இறக்க அதனால் முடியாது. எனவே கணக்குக்கு மைனஸ் 33தான்.

5W ஆயிலுக்குப் பம்ப் சோதனை மைனஸ் 35 வரை என்பதால், புதிய ஆயிலாக இருந்தால் அது ஓடிவரும். சுழற்றும் சோதனையின் எல்லையான மைனஸ் 30 ஏற்கெனவே தாண்டிவிட்டது. இந்த அளவு குளிரில் ஒவ்வோர் ஐந்து டிகிரி இறக்கத்துக்கும் ஆயிலின் கெட்டித்தன்மை ஏறத்தாழ இரட்டிப்பாகும். பேட்டரியின் வலுவும் அதே நேரத்தில் குறைந்திருக்கும். இன்ஜின் கிளம்பலாம், கிளம்பாமலும் போகலாம். அதே இரவில் 0W-20 இருந்தால் சுழற்றுவதற்கு 2 டிகிரியும் பம்ப்புக்கு 7 டிகிரியும் மிச்சம். வின்னிபெக்கில் வெளியே நிற்கும் காருக்கு, கையேடு இடம் கொடுத்தால், 0W வாங்குவதே சரி. டொரண்டோவில் அந்த நெருக்கடி இல்லை. ஸ்கார்பரோவில் மைனஸ் 20ஐத் தாண்டும் இரவுகள் எப்போதாவதுதான் வரும். 5W தாராளமாகத் தாங்கும். அங்கிருந்து வேலை நிமித்தம் வின்னிபெக்குக்கோ எட்மண்டனுக்கோ குடிபெயர்பவர்கள்தான் காரில் என்ன ஆயில் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். ஆனால் மாற்றும்போது முன்னெண்ணை மட்டும் பார்க்கலாம். பின்னெண், கையேடு கேட்கும் தரச் சான்று இரண்டையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும்.

வின்னிபெக் கார்களின் முன்பக்கத்தில் ஒரு மின்கம்பி எட்டிப் பார்க்கும். பிளாக் ஹீட்டரின் வயர் அது. கார் நிறுத்துமிடத்தின் பிளக்கில் மாட்டி, டைமர் வைத்து, புறப்படுவதற்கு இரண்டு முதல் நாலு மணி நேரம் முன்பு ஓடவிட்டால் போதும். ஆனால் பெரும்பாலும் அது சூடாக்குவது இன்ஜினைச் சுற்றியுள்ள கூலன்ட்டை. அடியில் தொட்டியிலுள்ள ஆயிலுக்கு அந்தச் சூடு அரைகுறையாகத்தான் போய்ச் சேரும். இங்கேதான் கவனம் வேண்டும். சூடேறிய இன்ஜின் சுலபமாகக் கிளம்பிவிடுவதால், “கிளம்ப மறுக்கும்” என்ற அந்த முதல் எச்சரிக்கை நமக்குக் கிடைக்காமல் போகிறது. பொருந்தாத ஆயிலைப் பிளாக் ஹீட்டரை நம்பி வைத்துக்கொள்ளக் கூடாது. மைனஸ் 40க்கும் கீழே போகும் இடங்களில் 0W ஆயிலும் சோதனை எல்லையைத் தாண்டிவிடும். அங்கே தொட்டியின் அடியிலேயே ஒட்டும் ஆயில் ஹீட்டர் தனியாகத் தேவை.

கடையில் விற்பனையாளரோ, ஆயில் கம்பெனியின் தரவுத்தாளோ ‘போர் பாயின்ட் மைனஸ் 42’ என்று காட்டக்கூடும். ஜாடியைச் சாய்த்தால் ஆயில் கொஞ்சமாவது நகரும் கடைசி வெப்பநிலை அது. ஜாடியில் நகர்வதும் பம்ப்புக்குள் வேகமாக ஓடிவருவதும் ஒன்றல்ல. போர் பாயின்ட் மைனஸ் 42 என்றிருக்கும் 5W ஆயிலும் குளிரில் 5W ஆயில்தான்.

இந்தக் கணக்கெல்லாம் புது ஆயிலுக்கு. ஓடி ஓடி ஆக்சிஜனேற்றத்தாலும் கரியாலும் பழசான ஆயில் குளிரில் தன் எண்ணைவிட ஒரு படி மோசமாக நடந்துகொள்ளக்கூடும். 5W என்று ஊற்றியது 10W போலாகலாம். ஆயில் மாற்றும் தவணை ஜனவரியில் வருகிறதென்றால், அதை நவம்பருக்கு இழுத்துக்கொள்வது நல்லது. கடைக்கும் வீட்டுக்குமாகச் சின்னச் சின்ன தூரம் மட்டும் ஓடும் கார்களில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. உள்ளே படியும் நீராவி வெளியேறாமல், ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் வெளிர் மஞ்சள் பசையாக ஒட்டியிருக்கும். அதைக் கண்டால் வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டி வர வேண்டும்.

கடைசியாக, கிளம்பிய கணத்தில் பார்க்க வேண்டியது. டாஷ்போர்டில் ஆயில் கெண்டி வடிவில் இருக்கும் சிவப்பு விளக்கு, இன்ஜின் ஓடத் தொடங்கிய சில வினாடிகளில் அணைந்துவிட வேண்டும். கடுங்குளிரில் ஓரிரு வினாடி கூடுதலாகலாம். மேலிருந்து டிக்டிக் என்ற வால்வு சத்தமும் சற்று நேரம் கேட்கலாம். விளக்கு அணையவே இல்லை, சத்தம் ஏறிக்கொண்டே போகிறது என்றால் உடனே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்ப்பதோ, மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்வதோ கூடாது. காரை இழுத்துச் சென்று சூடான காரேஜில் பல மணி நேரம் விட்டு, ஆயில் இளகிய பின் அதை வடித்துவிட்டு, அந்த ஊர்க் குளிருக்குப் பொருந்தும் எண்ணுள்ள ஆயிலை ஊற்றி, ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் மீண்டும் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.